கால்சியம் ஸ்கோர்: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

இதய சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் கால்சியம் ஸ்கோர் 60 என்று இருந்தால், "60 சதவீதம் அடைப்பா?" என்றுதான் பலரும் பதறுகிறார்கள். இந்த எண்ணுக்கும் சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரத்தைத் தாண்டிய ஸ்கோர்களும் உண்டு. ஊசி மருந்து ஏற்றாமல் எடுக்கும் ஸ்கேன் இது. அதனால் ரத்தம் போகும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது இதில் தெரியாது. இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து, அதில் கால்சியம் சேர்ந்து இறுகிய இடங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் பரப்பையும், அதன் அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் ஸ்கோர். 1990-இல் அமெரிக்க இதய மருத்துவர் அகட்ஸ்டனின் குழுவினர் வகுத்த கணக்கு.

அடுத்த தவறு, வயதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிப்பது. அதே 60, எழுபது வயது ஆணுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. நாற்பத்தைந்து வயதில் வந்தால், சம வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேரைவிட அதிகம். அவர் முன்னே வெகுகாலம் இருக்கிறது. அதனால்தான் சம வயதுக்காரர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட அதிகம் என்று சொல்லும் பர்சன்டைலும் ரிப்போர்ட்டில் போடுகிறார்கள். ஆனால் அதற்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருக்கும் அமெரிக்காவின் மெசா என்ற இதயநோய் ஆய்வில் தெற்காசியர்கள் இல்லை. நம் ஆட்களுக்கு அந்த அட்டவணையை அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

சரி, பூஜ்யம் வந்தால்? அறிகுறி இல்லாத நடுத்தர வயதுக்காரருக்கு அடுத்த பத்தாண்டுக்கான ஆபத்து குறைவு, நல்ல செய்திதான். ஆனால் கால்சியம் சேராத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. இளம் வயதினரிடம் அதுவே அதிகம். புகைப்பவர், சர்க்கரை நோயாளி, பெற்றோருக்கு இளவயதில் மாரடைப்பு வந்தவர் பூஜ்யத்தைக் காட்டி கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலி உள்ளவர் இதை வைத்துத் தானாக நிம்மதி அடைவது ஆபத்து.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் சாப்பிட்டும் ஸ்கோர் ஏறிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. 5 சதுர மில்லிமீட்டர் புள்ளி ஒன்றுக்கு ஸ்கேன் காட்டும் அடர்த்தி அளவு 350 என்றால் பெருக்கும் எண் 3, ஸ்கோர் 15. மருந்தால் படிவு இறுகி அடர்த்தி 420 ஆனால் பெருக்கும் எண் 4, ஸ்கோர் 20. படிவு வளரவில்லை, கெட்டியானது. கெட்டியான படிவு வெடிக்கும் வாய்ப்பும் குறைவு. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை போதும், மறுபடி ஸ்கேன் வேண்டாம்.