தாத்தாவும் பேரனும் சந்தைக்கு நடக்கிறார்கள்: மெதுவான நடையைச் சிறுகதையாக எழுதும் முறை

இரண்டு வயதுப் பேரனைத் தாத்தா முதன்முறையாக நடத்தியே சந்தைக்குக் கூட்டிச் செல்கிறார் என்பது மட்டும்தான் இந்தக் கதை. திருடன் வருவதில்லை, பிள்ளை தொலைந்து போவதுமில்லை. ஆகவே மெதுவாக நடப்பதையே நிகழ்ச்சியாக்க வேண்டியிருக்கிறது. முதல்முறை கதை எழுத உட்காருகிறவர்களுக்காக, சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடப்பதாக நான் எழுதிய கதையை வைத்தே அந்த வேலையை விளக்குகிறேன்.

முதல் வேலை: தூரம், நேரம், அவசரம்

எழுதுவதற்கு முன் தூரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். என் கதையில் வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே 350 மீட்டர். பெரியவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார், இவர்களுக்கோ நாற்பது நிமிடம் ஆகிறது. மிச்சமுள்ள முப்பத்தைந்து நிமிடத்தில்தான் கதை இருக்கிறது.

ஆனால் யாருக்கும் அவசரம் இல்லாத கதையில் மெதுவும் தெரியாது. ஆகவே வீட்டில் ஆச்சியை நிறுத்தினேன். அவள் உலை வைத்துவிட்டு, "அரைக்கிலோ சிறுகிழங்கு, கால்கிலோ சின்ன உள்ளி. சட்டுனு வாங்க" என்கிறாள். எப்போதும் சைக்கிளில் போகிற தாத்தா அன்று சைக்கிளை எடுக்காமல் போகிறார். அதற்கான காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டேன்: டயரில் காற்று இல்லை. மாதம் மார்கழிக் கடைசி. சிறுகிழங்கு சந்தையில் குவியும் பருவம் அது, தெருவெல்லாம் கோலமும் இருக்கும்.

இரண்டாம் வேலை: வினையைக் கையாளுதல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக உத்தி தேட வேண்டியதில்லை, வினையெச்சமும் வினைமுற்றுமே அதைச் செய்துவிடும். என் முதல் வரைவில் இப்படி இருந்தது:

"செருப்பை மாட்டி, பையை எடுத்து, பேரனின் கையைப் பிடித்துப் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்."

குற்றமில்லாத வாக்கியம்தான். ஆனால் எச்சங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுவதால் ஐந்து செயல்களும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. இரண்டு வயதுப் பிள்ளை அப்படி இறங்காது. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவார்கள். அதைப் பார்த்த பிறகு இப்படி மாற்றினேன்:

"மாரி படியின் விளிம்பில் நின்றான். கீழே பார்த்தான். ஒரு காலை இறக்கினான். மற்றக் காலையும் இறக்கி அதன் பக்கத்தில் வைத்தான். இன்னும் இரண்டு படிகள் இருந்தன. 'பைய, எய்யா' என்றார் தாத்தா."

ஒவ்வொரு செயலும் முற்றுப்பெற்று நின்ற பிறகே அடுத்தது வருகிறது. 'மெதுவாக' என்ற சொல்லை எழுத்தாளர் எங்கும் சொல்லவில்லை. தாத்தா மட்டும் ஒரே ஒருமுறை, நெல்லைப் பக்கத்துப் பேச்சில், 'பைய' என்கிறார். அந்தச் சொல்லைக் கதை முழுக்கத் தூவினால் அது வெறும் வட்டார அலங்காரமாகிவிடும்.

இதே முறையில் தெரு முழுவதையும் எழுதினால் வாசகருக்குக் கால் வலிக்கும். மூன்று இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். நான் தேர்ந்தவை வீட்டுப்படி, ஒரு வாசல் கோலம், சிறுகிழங்குக் குவியல். இடைப்பட்ட தெருவை ஓரிரு வரிகளில் கடந்துவிடலாம்.

மூன்றாம் வேலை: பிள்ளையின் உயரத்துக்கு இறங்குதல்

இரண்டு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கடைப்பலகையில் எழுதியிருப்பதும் பெரியவர்களின் முகங்களும் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. மாட்டின் வயிறு, சைக்கிள் பெடல், சாக்கின் வாய் ஆகியவைதான் எதிரே நிற்கும். கோலத்துச் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ பெரியவர்களுக்குத் தரையில் கிடக்கும் ஒன்று. மாரியோ குதிகால் தரையில் படிய அதன் முன் குந்திவிடுகிறான், எழுந்திருக்க மறுக்கிறான்.

கை பிடிப்பதையும் கவனித்து எழுத வேண்டும். பெரியவரின் கை முழுவதும் அந்தச் சிறு கைக்குள் அடங்காது. ஆகவே மாரி தாத்தாவின் ஒரு விரலைப் பிடித்துக்கொள்கிறான். அதைப் பிடிக்க அவன் தன் கையை மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும். பாதித் தெரு போனதும் கை வலிக்கிறது, அவனுக்கு அதைச் சொல்லத் தெரியாது. விரலை விட்டுவிட்டுத் தாத்தாவின் மறுபக்கம் போய் நின்று மற்றக் கையை நீட்டுகிறான். தாத்தா பையை இந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார். இதற்கு விளக்கம் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

பேச்சில் சிக்கனம் தேவை. இந்த வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதே வழக்கம், தன்னை 'நான்' என்னாமல் பெயரால் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. "மாரி பூ" என்றால் பூ எனக்கு வேண்டும் என்றோ, நான் பூவைப் பார்த்தேன் என்றோ பொருள்படும். அதைத் தாத்தா எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் உரையாடல் உண்டாகிறது. "அது அந்த வீட்டு ஆச்சிக்குள்ளது, எய்யா. பாத்துட்டு வச்சிரு." மழலைத் திரிபை ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் 'தூக்கு' என்பதை மட்டும் 'தூத்து' ஆக்கினேன். எல்லாச் சொல்லையும் திரித்தால் வாசகர் விடுகதை அவிழ்க்க வேண்டியதாகிவிடும்.

இந்த இடத்தில் நான் சறுக்கினேன். கோலத்தருகே தாத்தா தம் அப்பாவோடு சந்தைக்குப் போனதை நினைத்துப் பார்க்கத் தொடங்கினார், நினைவு ஒன்றரைப் பக்கம் ஓடியது. படித்த என் தங்கை, "அதுவரைக்கும் பிள்ளை எங்க நிக்கான்?" என்று கேட்டாள். நினைவு நீண்டுவிட்டதா என்று அறிய அதுவே போதுமான சோதனை: பத்து வரிக்கு மேல் பிள்ளை எதையும் தொடாமல் இருந்தால், தாத்தா அவனைத் தெருவில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார் என்று பொருள். நினைவு முழுவதையும் வெட்டினேன். வருத்தமாகத்தான் இருந்தது, அதில் ஒரு நல்ல மாட்டுவண்டி இருந்தது.

நான்காம் வேலை: சந்தையும் திரும்புதலும்

சந்தையை வருணிக்கத் தொடங்கினால் கதை கைவிட்டுப் போகும். ஒரே ஒரு கடை போதும். சாக்கில் சிறுகிழங்கு மண்ணோடு குவிந்திருக்கிறது. விற்கிறவள், "என்ன அண்ணாச்சி, சைக்கிள எங்க? இது யாரு, பேரப்பிள்ளையா?" என்கிறாள். மாரி ஒரு கிழங்கை எடுத்து மூடிய கையைத் திறக்கவில்லை. தராசில் போடச் சொன்னால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். அவள் அரைக்கிலோவை நிறுத்த பிறகு, "அது அவங் கணக்கு" என்று விட்டுவிடுகிறாள். தாத்தா உள்ளியும் வாங்கிக்கொள்கிறார்.

பிறகு மாரி இரு கைகளையும் தூக்கி, "தாத்தா தூத்து" என்கிறான். முதல் வரைவில் ஒதுக்கிவைத்த எச்சத்தொடர் இங்கேதான் உதவியது:

"பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்து, பையைத் தோளில் மாட்டி, கோலத்தை ஓரமாகச் சுற்றி, மூன்று படிகளையும் ஏறி, ஆச்சியின் முன்னால் வந்து நின்றார்."

போகும்போது பக்கக்கணக்காக நீண்ட தூரம், வரும்போது ஒரே வாக்கியம். இதற்குப் பிறகு 'காலம் மெதுவாகவும் நடக்கும் என்று அவருக்குப் புரிந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அதையும் அடித்துவிட்டேன். இப்போது கதை ஆச்சியின் பேச்சோடு நிற்கிறது. அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கிழங்கத் தோலெடுக்க இனி எம்புட்டு நேரமாகும்?" என்கிறாள். மாரி தன் கையிலிருந்த கிழங்கை நீட்டுகிறான்.