பிளம்பரிடம் "ஒரு வேஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன மாதம் யாழ் நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு பிள்ளை போனில் பிளம்பர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, கடைக்காரப் பையனிடம், "பேசினுக்கு ஒரு வேஸ்ட் தாங்கோ" என்றார். அவன் கைக்கு வந்ததை எடுத்து மேசையில் வைத்தான். அவர் காசை எடுக்க, எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, உங்கட பேசினில உள்பக்கம், மேல் விளிம்புக்குக் கீழ ஒரு துளை இருக்கோ?"

அவருக்குத் தெரியவில்லை. பிளம்பரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னார், துளை இல்லை. பையன் எடுத்து வைத்தது மேல் துளையுள்ள பேசினுக்கான வேஸ்ட். இருபது வருடமாக வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். இதே இடத்தில் நானும் விழுந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வேஸ்ட் என்ற பெயரில் இரண்டு சாமான்

பேசினின் அடித்துளையில் பூட்டும் உலோகத் துண்டுதான் வேஸ்ட் கப்ளிங். மேலே வட்ட விளிம்பு, கீழே புரியுள்ள குழல், அதில் ரப்பர் வாஷரும் நட்டும். கடையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் எடுத்துக் குழலைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் விளிம்புக்குக் கீழே, குழலின் பக்கவாட்டில் நீள்துளைகள் வெட்டியிருக்கும். அது ஸ்லொட் உள்ள வேஸ்ட். மற்றதில் குழல் முழுவதும் மூடியிருக்கும். அது ஸ்லொட் இல்லாதது.

அந்த வெட்டு எதற்கு? நம் பழைய வீடுகளில் சுவரில் தொங்கும் பேசின்களில், உள்பக்கம் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை இருக்கும். பைப்பை மூட மறந்தால் தண்ணீர் வழிந்து நிலத்தில் ஓடாமல், அந்தத் துளைக்குள் போய், பேசினின் சுவருக்குள்ளேயே இருக்கும் வழியால் இறங்கி, அடித்துளையின் பக்கவாட்டுக்கு வரும். அங்கிருந்து வேஸ்டுக்குள் நுழைய அதற்கு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் ஸ்லொட்.

இப்போது பலர் விரும்பி வைப்பது அலுமாரித் தட்டின் மேல் கிண்ணம்போல இருக்கும் பேசின். பெரும்பாலும் அதில் மேல் துளை இருக்காது. அதற்கு ஸ்லொட் உள்ள வேஸ்டைப் பூட்டினால் அந்த வாசல் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். உள்ளே போகவேண்டிய தண்ணீர் வெளியே வரும்.

கொக்குவிலில் என் அக்காவின் வீட்டில் நடந்தது இதுதான். பிளம்பர் தம்பி கேட்டார், "அண்ணை, பேசினுக்கு என்ன வேஸ்ட்?" நான் வேறு வேலையில் நின்றபடி, "வழமையானதை வாங்கும்" என்றேன். வழமையானது என்றால் ஸ்லொட் உள்ளதுதானே. அவரில் பிழை இல்லை.

பேசின் மரத் தட்டின் மேல் இருந்தது. நட்டைத் தட்டின் அடிப்பக்கம் இறுக்கினோம். வேஸ்டின் வெட்டு சரியாகத் தட்டின் தடிப்புக்குள் வந்து நின்றது. கை கழுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் அந்த இடைவெளிக்குள் போய் மரத்தில் ஊறியது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. மூன்று மாதத்தில் அலுமாரிக் கதவு இறுகியது. அக்கா மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தா. பிறகு அடியில் ஈரம் தெரிந்தது. பிளம்பர் வந்து, வேஸ்டுக்குக் கீழே தொங்கும் ட்ராப்பின் நட்டை இறுக்கினார். ஒரு கிழமையில் மறுபடி ஈரம். வாஷரை மாற்றி டேப் சுற்றினார். மறுபடி ஈரம். மூன்றாம் முறை சிலிக்கோன் பூசி, நட்டை இன்னும் இறுக்க, பேசினின் அடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது. கழற்றிப் பார்த்தால் வெட்டுக்குள் சாம்பல் நிறச் சவர்க்கார அழுக்கு, துளையைச் சுற்றி மரம் கறுத்து, விரலால் அழுத்தப் பஞ்சாக உள்ளே போனது. புதுத் தட்டு, புதுப் பேசின், மூன்று வருகைக் கூலி. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல்.

ஒழுக்கு எங்கிருந்து என்று அறிய ஒரு வழி: ட்ராப்பின் மூட்டுகளிலும், வேஸ்ட் நட்டிலும், தட்டின் அடியிலும் காய்ந்த டிசுத் துண்டுகளைச் சுற்றிவிடுங்கள். பேசினைப் பாதி நிரப்பித் திறந்துவிடுங்கள். ட்ராப் மூட்டில் சுற்றியது காய்ந்திருந்து, நட்டில் இருப்பது நனைந்தால் பிழை மேலே. அப்புறம் ட்ராப்பை இறுக்கச் சொல்லிப் பிரயோசனமில்லை. வேஸ்டைக் கழற்றி வெட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபக்கத் தவறும் உண்டு. மேல் துளையுள்ள பேசினுக்கு ஸ்லொட் இல்லாததைப் பூட்டினால் துளைக்குள் போன தண்ணீர் வெளியேற இடமில்லாமல் உள்ளேயே தேங்கும், மணக்கும். மூடியை அடைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பைப்பை மெதுவாகத் திறந்திருந்தும் மட்டம் மேல் துளையைத் தாண்டி விளிம்பு வரை ஏறினால், ஒன்றில் அந்த வழி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வேஸ்ட் மாறிவிட்டது.

ஆகவே பிளம்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மேல் துளை இல்லாத பேசின். ஸ்லொட் இல்லாத வேஸ்ட் வேணும், ஒன்றேகால் அங்குலம்." விரலால் அமர்த்தித் திறந்து மூடும் வகையை வாங்கினாலும் இதே கேள்வி உண்டு, அதிலும் இரண்டு வகையும் வருகிறது. மேல் துளை இல்லாத பேசினுக்கு மூடவே முடியாத சல்லடை வகை எனக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் பைப்பைத் திறந்துவிட்டு ஓடினாலும் நிரம்பாது.

ட்ராப்பையும் வேஸ்ட் என்பது

வேஸ்டுக்குக் கீழே போத்தல்போலத் தொங்குவது பொட்டில் ட்ராப். மணத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்பது அதற்குள்தான். "வேஸ்ட் அடைச்சுப்போச்சு" என்றால் பிளம்பர் மேலே கிண்டுவார்; அழுக்கு கீழே இருக்கும்.

ஆங்கிள் வால்வைப் "பைப்" என்பது

நம் ஊரில் தண்ணீர் வரும் குழாயும் பைப், திறக்கும் டேப்பும் பைப். "கொமட்டுக்குப் பக்கத்துப் பைப் ஒழுகுது" என்றால் சுவருக்குள் இருக்கும் குழாய் என்று நினைத்து, டைல் உடைக்கும் சாமானோடு ஒருவர் வந்து நிற்பார். சுவரிலிருந்து வந்து, தண்ணீரைச் செங்கோணத்தில் திருப்பி நெகிழும் ஹோஸுக்கு விடும் சின்ன வால்வுதான் ஆங்கிள் வால்வு. ஒழுக்கு சுவர்ப்பக்கமா, திருகும் பிடியடியிலா, ஹோஸ் பூட்டும் இடத்திலா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சிஸ்டனுக்கும் கொமட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் கை ஷவருக்கும் சேர்த்து ஒன்று வேண்டுமானால் "இரண்டு வழி ஆங்கிள் வால்வு" என்று கேட்கவேண்டும். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். இடைக்கிடை மூடித் திறக்காவிட்டால் வால்வு இறுகிவிடும், அவசரத்துக்கு மூட வராது.

ஹெல்த் ஃபாசெட்

இந்திய வீடியோக்களில் ஹெல்த் ஃபாசெட், இங்கே கடைகளில் பிடே ஷவர். சாமான் ஒன்றுதான். ஆனால் "பழுது" என்று மட்டும் சொன்னால் முழு செட்டையும் வாங்க வைப்பார்கள். கைப்பிடியா, ஹோஸா, வால்வா என்று சொல்லுங்கள், தனித்தனியாகவும் விற்கிறார்கள்.

கடைக்குப் போகுமுன்

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.