இரண்டு பொருள், இரண்டு விலை: பகுதி வகைக்கெழுவால் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே ஆள் இரண்டு பொருள் விற்கிறார். ஒரே தையலில் வரும் சிறிய பை ஒன்று, பெரிய பை ஒன்று. சிறியதன் விலையை ஏற்றினால் சிலர் வாங்காமலே போய்விடுவார்கள், சிலர் "இவ்வளவு கொடுப்பதற்குப் பெரியதையே வாங்கிவிடலாமே" என்று அந்தப் பக்கம் திரும்புவார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்தால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். ஒரு மாறியை வைத்து வகையிடத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் போகப் போகப் புரியும்.

முதலில் தேவைச் சமன்பாடுகள்

சிறிய பையின் விலை p1, விற்கும் எண்ணிக்கை q1. பெரிய பைக்கு p2, q2. ஒரு சிறிய பை செய்ய 20 செலவாகிறது, பெரியதற்கு 30.

```
q1 = 70 - 2*p1 + p2
q2 = 100 + p1 - 2*p2
```

முதல் வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: சிறிய பையின் விலை 1 ஏறினால் அதன் விற்பனை 2 குறையும், பெரிய பையின் விலை 1 ஏறினால் சிறியதன் விற்பனை 1 கூடும். கடைசியில் நிற்கும் அந்த `+ p2` தான் இரண்டு பொருளையும் முடிச்சுப் போடுகிறது. அது கூட்டல் குறியோடு வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பொருள்கள். கழித்தல் குறியோடு வந்தால் சேர்த்துப் பயன்படுத்தும் பொருள்கள், அந்தக் கதை கடைசியில் வருகிறது.

இலாபத்தை L என்று வைத்துக்கொள்வோம்:

```
L = (p1 - 20)*q1 + (p2 - 30)*q2
```

பகுதி வகைக்கெழு எடுப்பது

p2-ஐ ஒரு மாறாத எண் போல அப்படியே விட்டுவிட்டு, p1-ஐ மட்டும் அசைத்தால் L எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் ∂L/∂p1. பலர் உடனே q1, q2-ஐ உள்ளே போட்டு அடைப்பையெல்லாம் விரித்துவிடுகிறார்கள். விடை வரும், ஆனால் எந்த எண் எதற்கு வந்தது என்பது தொலைந்துபோகும். விரிக்காமல் எடுத்தால் இப்படி இருக்கும்:

```
∂L/∂p1 = q1 - 2*(p1 - 20) + (p2 - 30)
```

இந்த மூன்று துண்டுகளையும் தனித்தனியாகப் பாருங்கள், கணக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. விலையை 1 ஏற்றினால் இப்போது விற்கும் ஒவ்வொரு சிறிய பைக்கும் 1 கூடுதலாக வருகிறது, அதுதான் q1. இரண்டு பை விற்காமல் போகிறது, அவை தந்திருக்கும் இலாபம் போச்சு, அது இரண்டாவது துண்டு. மூன்றாவது, இந்தப் பக்கத்தை விட்ட ஒருவர் பெரிய பை வாங்குவதால் வரும் இலாபம். தனியொரு பொருளின் கணக்கில் முதல் இரண்டும் மட்டும்தான் இருக்கும்.

p2-க்கும் அதே வழிதான்:

```
∂L/∂p2 = q2 - 2*(p2 - 30) + (p1 - 20)
```

பூச்சியமாக்கித் தீர்ப்பது

இப்போது q1, q2-ஐ உள்ளே போட்டுச் சுருக்கி, இரண்டையும் 0-க்குச் சமன் செய்யலாம்.

```
 80 - 4*p1 + 2*p2 = 0
140 + 2*p1 - 4*p2 = 0
```

முதல் சமன்பாட்டிலிருந்து p2 = 2*p1 - 40. இதை இரண்டாவதில் போட்டால் 300 - 6*p1 = 0, ஆக p1 = 50, p2 = 60. இந்த விலையில் q1 = 30, q2 = 30, இலாபம் 30×30 + 30×30 = 1800.

மூன்றாவது துண்டை மறந்தால்

தொடங்குகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: p1-ஐ வைத்து வகையிடும்போது "பெரிய பைதான் மாறிலி ஆயிற்றே" என்று L-இன் இரண்டாவது பாதி முழுவதையும் 0 என்று எழுதிவிடுகிறார்கள். மாறாமல் நிற்பது p2 மட்டும்தான், q2-க்குள்ளே p1 உட்கார்ந்திருக்கிறது, அதனால் q2 மாறும். அந்தத் துண்டை விட்டுவிட்டால் சமன்பாடுகள் இப்படி ஆகிவிடும்:

```
110 - 4*p1 + p2 = 0
160 + p1 - 4*p2 = 0
```

விடை p1 = 40, p2 = 50. விற்பனை 40, 40, இலாபம் 1600. பைகள் 60-க்குப் பதில் 80 விற்கின்றன, ஆனாலும் இலாபத்தில் 200 குறைவு. ஆளுக்கொரு பொருளைப் பொறுப்பேற்று, அவரவர் இலாபத்தை மட்டும் பார்த்து விலை வைத்தாலும் இதே 40, 50-இல்தான் வந்து நிற்பார்கள். ஏனென்றால் தன் பொருளை விட்டு அடுத்ததை வாங்கப் போனவரை இருவருமே "போனவர்" என்றுதான் எண்ணுகிறார்கள்.

உங்கள் விடை சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது, விலையை 1 அசைத்து இலாபத்தைப் போட்டுப் பாருங்கள். (40, 50)-இல் p1-ஐ 41 ஆக்கினால் q1 = 38, q2 = 41, இலாபம் 1618. ஏறிவிட்டது, அப்படியானால் உச்சம் அது இல்லை. (50, 60)-இல் p1-ஐ 51 ஆக்கினாலும் 49 ஆக்கினாலும் 1798 தான்.

இது உச்சம்தானா?

சரி, 0 வந்துவிட்டது, ஆனால் 0 என்பது உச்சத்திலும் வரும், பள்ளத்திலும் வரும், குதிரைச் சேணம் போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் இடத்திலும் வரும். அதனால் இரண்டாம் வகைக்கெழுக்களைப் பார்க்க வேண்டும். p1-க்கு -4, p2-க்கு -4, முதலில் p1-ஐ வைத்தும் அதன் விடையை p2-ஐ வைத்தும் வகையிட்டால் வரும் கலப்பு வகைக்கெழு 2. சோதனை:

```
(-4)*(-4) - 2*2 = 12
```

இது 0-ஐ விடப் பெரியது, -4 என்பது எதிர்மறை. ஆக இது உச்சம்தான்.

இந்தச் சோதனையைச் சடங்காக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். முடிச்சுப் போடும் கெழு 1-க்குப் பதில் 3 என்று வைத்துப் பாருங்கள். கலப்பு வகைக்கெழு 6 ஆகும், 16 - 36 = -20, அதாவது சேணப்புள்ளி. ஒவ்வொரு விலையாக அசைத்தால் இலாபம் குறைவதுபோலத் தெரியும், இரண்டையும் சேர்த்து ஏற்றினால் கூடிக்கொண்டே போகும். விலையை எவ்வளவு ஏற்றினாலும் இலாபம் என்று எந்தச் சந்தையும் சொல்லாது, ஆகவே அப்படி வந்தால் தேவைச் சமன்பாட்டில்தான் பிழை. இரண்டு விலையையும் எப்போதும் ஒன்றாகவே ஏற்றி இறக்கியிருந்தால், எது எதனால் மாறியது என்று விற்பனைப் பதிவுகளிலிருந்து பிரிக்க முடியாது, கெழு எப்படி வேண்டுமானாலும் வந்துவிடும். ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை மட்டும் மாற்றிய சில வாரப் பதிவாவது வேண்டும். அப்புறம், நேர்கோட்டுச் சமன்பாடு நீங்கள் பார்த்த விலைகளுக்கு அருகில் மட்டும்தான் நம்பத் தகுந்தது.

குறி மாறினால்

இப்போது கருவியும் அதில் போடும் உறையும் விற்கிறீர்கள் என்று வையுங்கள், கருவி பொருள் 1, உறை பொருள் 2. ஒன்றின் விலை ஏறினால் மற்றதன் விற்பனையும் விழும், கெழு -1. மூன்றாவது துண்டின் குறி மட்டும் மாறும்:

```
q1 - 2*(p1 - c1) - (p2 - c2) = 0
```

c1, c2 என்பவை அடக்கச் செலவுகள். உச்ச விலைகளில் உறை ஒவ்வொன்றிலும் 30 இலாபம், கருவி 20 விற்கிறது என்று வந்தால், 20 - 2*(p1 - c1) - 30 = 0, ஆக p1 - c1 = -5. கருவியை அடக்கத்துக்கும் 5 கீழே விற்பதுதான் சரியான விலை! கணக்கில் எதிர்மறை வந்ததும் பிழை என்று அடித்துவிடாதீர்கள். இங்கே தனித்தனியாக விலை வைத்தால் இரண்டு விலைகளின் கூட்டுத்தொகை இருக்க வேண்டியதை விட மேலே போய் நிற்கும். 1838-இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ இதைச் செம்பையும் துத்தநாகத்தையும் வைத்துக் காட்டினார்: இரண்டும் சேர்ந்தால்தான் பித்தளை, இரண்டையும் வெவ்வேறு ஆள்கள் தனியுரிமையோடு விற்றால் ஒரே ஆள் விற்பதை விடப் பித்தளையின் விலை கூடிவிடும்.