மூலையில் வாய் பிளக்கும் சுவர்: மாடுலர் கிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பூச்சு இல்லாமல் நிற்கும் பழைய கல்கட்டு வீடு ஒன்றை கேமுக்காகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருங்கல் சுவர், வாசலில் கல் நிலைப்படி, மேலே மொட்டை மாடி. ஒரே வீடு என்றால் ஒரே மெஷ்ஷாகச் செய்துவிடலாம். தெரு முழுக்க வேண்டுமென்றால் சுவர், தரை, கதவுச்சுவர், மூலைத்தூண் என்று துண்டுகளாகச் செய்து, எஞ்சினில் சேர்த்து அடுக்குவதுதான் வழி. இந்தத் துண்டுகளின் தொகுப்புதான் மாடுலர் கிட். அடுக்க ஆரம்பித்ததும் முதல் சிக்கல் எப்போதும் மூலையில்தான் வரும். அதனால் நாமும் மூலையிலிருந்தே தொடங்குவோம்.

கிட்டின் அளவு இது: ஒரு கட்டம் 400 செ.மீ., சுவர் உயரம் 300, தரைத்துண்டு 400 × 400. நிஜக் கல்சுவர் ஒன்றரை அடி, அதாவது ஏறக்குறைய 45 செ.மீ. கனம் இருக்கும், கணக்கு சுலபமாக இருக்க 40 என்று வைத்துக்கொள்கிறோம். அன்ரியலில் ஒரு யூனிட் ஒரு சென்டிமீட்டர் என்பதால் எண்கள் அப்படியே பொருந்தும். பிளெண்டர், யூனிட்டி, கோடோ மூன்றிலும் ஒரு யூனிட் ஒரு மீட்டர். அங்கே 400 என்பது 4.

மாடல் செய்யத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 400 என்று சொல்கிறோமே, அதைச் சுவரின் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம்? வீடு கட்ட மனை குறிக்கும் மேஸ்திரியிடம் கேட்டால், ‘சென்டர் லைன் போடு, அதிலிருந்து கனத்தை இரண்டு பக்கமும் பிரி’ என்பார். கிட்டிலும் அதுதான் நல்லது. கிரிட் கோடு சுவரின் நடுவில் ஓட வேண்டும், 20 இந்தப் பக்கம், 20 அந்தப் பக்கம். சுவரின் ஒரு முகத்தைக் கோட்டில் வைத்து மொத்தக் கனத்தையும் ஒரே பக்கம் தள்ளினால், சுவரை 180 டிகிரி திருப்பியவுடன் கனம் எதிர்ப்பக்கம் போய்விடும். பக்கத்து அறையோடு பகிரும் நடுச்சுவர் எந்த அறையைச் சேர்ந்தது என்பதும் குழப்பம்தான். இதைவிட மோசமானது, ஒருவர் நடுக்கோட்டிலும் இன்னொருவர் ஓரக்கோட்டிலும் மாடல் செய்து ஒரே கிட்டில் போடுவது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியாக இருக்கும். சேர்த்தால் 20 செ.மீ. படி விழும்.

நடுக்கோடு வைத்த பிறகு வருவதுதான் மூலை. ஒரு சுவர் மூலைப்புள்ளியிலிருந்து X திசையிலும், இன்னொன்று அதே புள்ளியிலிருந்து Y திசையிலும் போகிறது. தாளில் வரைந்து பாருங்கள். உட்பக்கத்தில் 20 × 20 சதுரம் ஒன்றில் இரண்டு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வெளிப்பக்கத்தில் அதே அளவுள்ள சதுரம் காலியாக இருக்கும். ‘ஸ்னாப் வேலை செய்யவில்லை’ என்று பலரும் நினைப்பது இந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான். துண்டைக் கிரிட்டில் உட்கார வைப்பதுதான் ஸ்னாப், அதில் எந்தக் குறையும் இல்லை.

இதை அடைக்க ஒரு சுவரை 20 செ.மீ. நகர்த்தினால் அதன் மறுமுனை கிரிட்டை விட்டு விலகும். சுவரை 1.05 மடங்கு இழுத்தால் அளவு 420 ஆகும், கல்லெல்லாம் நீளமாகும், அடுத்த துண்டுக்குள் புகுந்து நிற்கும். இரண்டும் வேண்டாம். மூலைக்கென்றே தனித்துண்டு செய்யுங்கள்: அடிப்பாகம் 44 × 44 செ.மீ., உயரம் 300, துண்டை நகர்த்தவும் திருப்பவும் பிடிக்கும் புள்ளியான பிவட் அடிப்பாகத்தின் நடுவில். மூலைப்புள்ளியில் வைத்தால் காலி இடமும் மூடும், ஏறியிருந்த இடமும் மறையும். 40 போதாதா என்றால் போதாது. தூணின் முகமும் சுவரின் முகமும் ஒரே தளத்தில் விழுந்து, கேமரா நகரும்போது மினுமினுக்கும். அந்த இரண்டு சென்டிமீட்டர் துருத்தல் இதைத் தடுக்கிறது. கல்கட்டு வீட்டில் மூலைக்குப் பெரிய செதுக்கிய கல் வைப்பது வழக்கம் என்பதால் கண்ணுக்கும் உறுத்தாது. நேராகச் சேரும் இடத்திலும், மூன்று சுவர் சேரும் இடத்திலும் வெளியே காலி விழாது, தூண் தேவையில்லை.

பிவட் விஷயத்தில் நடக்கும் தவறு எளியது, ஆனால் கிட் முழுவதையும் கெடுக்கும். பிளெண்டரில் பிவட்டுக்குப் பெயர் ஆரிஜின், புதிய பொருளில் அது நடுவில் இருக்கும். 400 நீளச் சுவருக்கு நடு என்பது 200. ஸ்னாப் 100 என்றால் அது பொருந்திவிடும், தவறு தெரியாது. 100 நீளக் குட்டிச்சுவர் வந்ததும் நடு 50-ல் விழும். 100 ஸ்னாப்பில் அது ஒருநாளும் உட்காராது. உடனே ஸ்னாப்பை 50-க்கும் பிறகு 10-க்கும் குறைப்பார்கள். அதன்பின் கிரிட் என்று ஒன்று இருப்பதே பெயருக்குத்தான். சுவர்த்துண்டு எல்லாவற்றுக்கும் பிவட் ஒரே இடத்தில் இருக்கட்டும்: நீளத்தின் ஒரு முனை, கனத்தின் நடு, உயரத்தில் அடி. பிளெண்டரில் 3D கர்சரை அந்தப் புள்ளிக்குக் கொண்டுபோய் `Object > Set Origin > Origin to 3D Cursor` கொடுத்தால் முடிந்தது. அதற்கு முன்பே `Ctrl+A` அழுத்தி `Rotation & Scale`-ஐ அப்ளை செய்துவிடுங்கள்.

நீளங்களை 400, 200, 100 என்று பாதி பாதியாகவே வையுங்கள். 250 நீளத்தில் ஒரு ஜன்னல் சுவர் ‘பார்க்க அழகாக’ இருக்கிறதென்று சேர்த்தால், அதன் மிச்சத்தை நிரப்ப 150 ஒன்று செய்ய வேண்டிவரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகும்.

தரைக்கு விதி சுலபம்: மேற்பரப்பு Z = 0-வில், கனம் கீழ்நோக்கி. சுவரின் அடியும் Z = 0. தரையின் கனத்தை மேல்நோக்கி வைத்தால் சுவரின் அடி தரைக்குள் புதைந்து, கதவின் உயரம் அந்த அளவு குறைந்துவிடும். தரைத்துண்டின் ஓரம் சுவரின் நடுக்கோடு வரை வருவதால் உள்ளே எங்கும் சந்து தெரியாது. ஆனால் ஒரு இடத்தில் தெரியும், வாசலில். வெளிக்கதவு திறப்பில் தரை நடுக்கோட்டோடு நின்றுவிடும். சுவரின் வெளிப்பாதி 20 செ.மீ.க்குக் கீழே எதுவும் இருக்காது. அறைக்குள்ளிருந்து வெளியே நடக்கும்போது காலடியில் ஒரு பள்ளம். கதவுச்சுவர்த் துண்டிலேயே 40 கனத்துக்கும் நிலைப்படி ஒன்றைச் சேர்த்து, அதைத் தரையைவிட 3 செ.மீ. உயர்த்தி வைத்தால் தீரும். சமமட்டத்தில் வைத்தால் உள்பாதியில் தரையோடு சண்டை போட்டு மினுமினுக்கும்.

மாடிக்கும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. தளத்தின் கனம் 20 என்றால், அதை 300-க்குள்ளேயே அடக்குங்கள். மேல்பரப்பு 300-ல், அடி 280-ல். அப்போது சுவர்கள் 0, 300, 600 என்று தடையின்றி அடுக்கும். மேலே இன்னொரு சுவர் வந்தால் எல்லாம் மறையும். மொட்டை மாடியாக விட்டால் தளத்தின் மேல்பரப்பும் சுவரின் தலையும் ஒரே 300-ல் நிற்கும். ஓரத்தில் 20 செ.மீ. பட்டை முழுக்க மினுமினுப்பு. கைப்பிடிச்சுவர்த் துண்டு ஒன்றைச் சுவரின் அதே நடுக்கோட்டில், அதே 40 கனத்தில் செய்து வைத்துவிட்டால் பட்டை அதன் அடியில் போய்விடும். படிக்கட்டில் இவ்வளவு கவலை வேண்டாம். முதல் படியும் கடைசிப் படியும் கிரிட்டில் இருந்தால் போதும். 400 நீளத்தில் 25 செ.மீ. அகலமுள்ள 16 படி, ஒவ்வொன்றும் 18.75 உயரம் என்றால் சரியாக 300 ஏறும். நடுவில் இருக்கும் எண்கள் கிரிட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கல்சுவருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. கல் துருத்தி நிற்க வேண்டும் என்று மேற்பரப்பைக் கரடுமுரடாக்குகிறோம். ஓரத்து வெர்டெக்ஸும் சேர்ந்து நகர்ந்துவிடும். இரண்டு துண்டைச் சேர்த்தால் நடுவில் பல் வரிசைபோல் ஓட்டை. ஓரத்தின் குறுக்குவெட்டை ஒருமுறை மட்டும் செய்து, எல்லாச் சுவரின் இரண்டு முனைக்கும் அதையே நகலெடுங்கள். முனையிலிருந்து 5 செ.மீ. வரை பிறகு தொடாதீர்கள். அந்த ஓரத்தில் பெவல் போடவும் கூடாது, சேரும் இடத்தில் V வடிவப் பள்ளம் விழும். இன்னொன்றும் இருக்கிறது: துல்லியமாகப் பொருந்தியும் மூட்டில் இருண்ட கோடு தெரியும். முனையை மூடும் முகத்தோடு ஓரத்து நார்மல் சராசரியாகி வளைந்திருப்பதே காரணம். நேராகச் சேரும் சுவரில் அந்த மூடியை நீக்குங்கள், அல்லது அந்த ஓரங்களை ஷார்ப் என்று குறியுங்கள்.

எஞ்சினுக்கு அனுப்புமுன் அளவைக் கண்ணால் நம்பவேண்டாம். பிளெண்டரில் சுவர்த்துண்டுகளைத் தேர்ந்தெடுத்து இதை ஓடவிடுங்கள்:

```python
import bpy
G = 1.0
for o in bpy.context.selected_objects:
    xs = [v.co.x for v in o.data.vertices]
    w = max(xs) - min(xs)
    off = abs(w - round(w / G) * G)
    ok = off < 0.0001 and abs(min(xs)) < 0.0001
    print(o.name, round(min(xs), 4), round(w, 4), "OK" if ok else "CHECK")
```

நீளம் X திசையில் இருக்க வேண்டும், ஸ்கேல் அப்ளை ஆகியிருக்க வேண்டும். பெயருக்கு அடுத்த முதல் எண் 0 இல்லையென்றால் பிவட் முனையில் இல்லை, அல்லது ஒரு கல் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு எஞ்சினில் ஒரு சோதனை வீடு. 800 × 1200 அளவுக்கு வேண்டியவை: கதவுச்சுவர் உட்பட 400 சுவர் 10, தூண் 4, தரை 6. அன்ரியலில் நகர்வு ஸ்னாப் 100, திருப்பம் 90, ஸ்கேல் எல்லாவற்றிலும் 1. சந்து தெரிந்தால் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். எல்லா மூட்டிலும் ஒரே அளவு மெல்லிய கோடு என்றால் துண்டு குட்டையாக இருக்கிறது; 399.8 செ.மீ. துண்டை 400-ல் ஸ்னாப் செய்தால் ஒவ்வொரு மூட்டிலும் 2 மி.மீ. வெளிச்சம் ஒழுகும். நேர்வரிசையில் பத்துச் சுவர் அடுக்கிய இடத்தில் முதல் மூட்டுகள் சுத்தமாக இருந்து, கிரிட்டில் நிற்கும் அடுத்த துண்டோடு சேரும் கடைசி மூட்டில் மட்டும் 2 செ.மீ. போல் வாய் பிளந்தால், யாரோ கிரிட்டை விட்டுவிட்டு வெர்டெக்ஸோடு வெர்டெக்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே 2 மி.மீ. குறைபாடு பத்துச் சுவரில் சேர்ந்து அங்கே வந்து நிற்கிறது. சந்தே இல்லாமல் அறைக்குள் வெளிச்சம் கசிந்தால் சுவரின் கனத்தைப் பாருங்கள். அன்ரியலின் ஒளியமைப்பான லூமனில் 10 செ.மீ.க்கும் மெல்லிய சுவர் அப்படித்தான் செய்யும், 40 செ.மீ. கல்சுவருக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் அதே கிட்டில் தடுப்புக்காக மெல்லிய பலகைச்சுவர் சேர்க்கும்போது நினைவில் வையுங்கள்.