வேலை போனால் வீடு எத்தனை மாதம் தாங்கும்? ஒரு நோட்டுக் கணக்கு

பேரணாம்பட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 24,000. மனைவி வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிறார். பீஸ் ரேட்டில் மாதம் 7,000 வருகிறது. ஏப்ரல் முதல் தேதி கணவருக்கு வேலை இல்லை. இதுதான் சோதனை.

முதலில், ஒரு வாரத்துக்குள் கைக்கு வரும் பணத்தை மட்டும் எழுதுங்கள். சேமிப்புக் கணக்கில் 45,000, எஃப்டியில் 90,000, ஆக 1,35,000. பி.எஃப். பணம் வர நாளாகும், சேர்க்காதீர்கள். நகையையும் விட்டுவிடுங்கள், அடகு வைத்தால் அது கடன், வட்டி ஓடும்.

அடுத்து, நிறுத்த முடியாத செலவு. வாடகை 7,000, பைக் தவணை 3,500, மளிகை, கேஸ், கரண்ட், மருந்து எல்லாம் சேர்த்து 11,500. அப்புறம் சீட்டு 5,000. சீட்டுதானே, நிறுத்திக்கொள்ளலாம் என்று பலரும் இந்த வரியை அடித்துவிடுவார்கள். இவர்கள் போன வருடமே எடுத்துவிட்டார்கள். எடுத்த சீட்டு கடன்தான், கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும். மொத்தம் 27,000. மனைவியின் 7,000 போக மாதாமாதம் துண்டு விழுவது 20,000.

1,35,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் ஆறே முக்கால் மாதம். பரவாயில்லையே என்று நோட்டை மூடிவிடாதீர்கள். மாதவாரியாகக் கழித்துப் பாருங்கள். ஏப்ரல் முடிவில் 1,15,000, மே முடிவில் 95,000. ஜூனில் பள்ளிக் கட்டணம் 28,000 சேர்ந்துகொள்ளும்; மிச்சம் 47,000. ஆகஸ்ட் முடிவில் 7,000தான் இருக்கும். அதாவது ஐந்து மாதம். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவை வகுத்தல் கணக்கு காட்டாது.

இன்னொரு சுற்று, இன்னும் கடுமையாக. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கமெல்லாம் ஒரே வீட்டில் இரண்டு பேர் தோல் தொழிலை நம்பியிருப்பது சகஜம். ஆர்டர் குறைந்து கணவருக்கு வேலை போனால், மனைவிக்கு அப்பர் வருவதும் நின்றுபோகும். ஆகவே அந்த 7,000-ஐ அடித்துவிடுங்கள். துண்டு 27,000. ஏப்ரலில் 1,08,000, மே மாதம் 81,000, ஜூன் கட்டணத்துக்குப் பிறகு 26,000. ஜூலைக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது. தாங்குவது மூன்றே மாதம்.

சரி, பைக் கடனை இப்போதே முடித்துவிட்டால்? மீதி ஆறு தவணை, 21,000 என்று வையுங்கள். கட்டினால் இருப்பு 1,14,000, மாதத் துண்டு 23,500. ஜூன் முடிவில் கையில் 15,500தான். ஜூலைக்கு 8,000 குறையும். மூன்று மாதத்தில் மிச்சமாகும் தவணை 10,500, ஆனால் கையை விட்டுப் போனது 21,000. தவணையை ஓடவிடுவதே மேல்.

அதே மனைவி அக்கம்பக்கத்தில் பிளவுஸ் தைத்து மாதம் 4,000 சம்பாதித்தால், ஜூலை முடிவில் கையில் 15,000 இருக்கும். ஒரு மாதம் கூடுகிறது.