தலையிடி: “எத்தனை மணிக்கு?” என்று கேட்கப் பழகுவது எப்படி

வீட்டில் யாராவது தலையிடி என்று சொன்னால் உடனே நாங்கள் கேட்பது “கனக்க நோகுதா?” என்றுதான். அவசர சிகிச்சைப் பிரிவில் நேர்ஸாக இருந்த காலத்தில் நானும் அதைத்தான் முதலில் கேட்பேன், பிறகுதான் மாற்றிக்கொண்டேன். ஏனென்றால் ஒற்றைத் தலைவலிக்காரரும் பத்துக்குப் பத்து என்பார், இரண்டு நாளாக நித்திரை இல்லாதவரும் பத்துக்குப் பத்து என்பார். எங்களுக்கு வேண்டியது வேறு: வலி தொடங்கி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது?

இதை எப்படிக் கேட்பது, கேட்டபிறகு என்ன செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். கூடவே வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி அன்ரியின் கதையையும் சொல்கிறேன்.

படி 1: சாதாரணத் தலையிடியின் முகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் எல்லோருக்கும் வருவது இறுக்கத் தலையிடி. காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் நின்று, ஒஃபிஸில் பகல் முழுக்கக் குனிந்திருந்து, பின்னேரம் நாலு மணிபோல மெதுவாக ஏறும். நெற்றியைச் சுற்றி நாடா கட்டி இறுக்கினமாதிரி, இரண்டு பக்கமும், பிடரியும் தோளும் கட்டியாய் இருக்கும். அரை மணித்தியாலத்தில் போகலாம், சிலவேளை ஒரு கிழமையும் இழுக்கும். ஆனால் படி ஏறினாலும் வலி அதிகமாகாது, சத்தி வராது, எரிச்சலோடு என்றாலும் சமைத்துச் சாப்பிடலாம். 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, தண்ணீர், கொஞ்சம் படுக்கை, இவ்வளவும் போதும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. மாதத்தில் பாதி நாள் குளிசை போடுகிறவருக்கு அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும், அது தனிக்கதை.

படி 2: கடிகாரக் கேள்வி

அன்ரிக்கு 54 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். ஒரு சனிக்கிழமை பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மகள் கீழே ஓடிவந்து, “அக்கா, அம்மாவுக்குப் பிரஷர் ஏறி தலையிடிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ” என்றாள்.

நான் போய் “எப்ப தொடங்கினது?” என்று கேட்டேன். “காலமை” என்றார். இந்தப் பதிலோடு நிற்கக்கூடாது. “அந்த நேரம் கையில என்ன இருந்தது?” என்று கேட்டுப்பாருங்கள். அன்ரி யோசிக்கவே இல்லை: “நீலப் படுக்கைவிரிப்பு. ஒரு பக்கம் போட்டிட்டன், மற்றப் பக்கம் இழுக்கேக்க பின்மண்டையில உலக்கையால அடிச்சமாதிரி.” அதாவது நொடிக்கணக்கு. இறுக்கத் தலையிடிக்காரருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே வராது, “எப்பவோ தொடங்கினது, இப்ப கூடிப்போச்சு” என்பார்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட தலையிடி, வாழ்நாளில் அப்படி ஒன்று வந்ததில்லை என்றால், வேறெந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அது அவசரம். பயம் என்னவென்றால், மூளையின் அடியில் இரத்தக் குழாயில் பலூன்போல வீங்கியிருந்த ஓர் இடம் வெடித்து, மூளையைச் சுற்றி இரத்தம் கசிவது. இப்படி வருகிற எல்லோருக்கும் அதுவாக இருக்காது, பலருக்கு ஸ்கேன் சுத்தமாகத்தான் வரும். ஆனால் வீட்டில் இருந்து பிரித்தறிய வழி இல்லை.

படி 3: ஏமாற்றுகிற மூன்று விஷயங்கள்

ஒன்று, பனடோல். அன்ரி இரண்டு போட்டிருந்தார், அரை மணித்தியாலத்தில் “கொஞ்சம் பரவாயில்லை, படுக்கிறன்” என்றார். இரத்தக்கசிவு வலியும் குளிசைக்குக் குறையும், ஆகவே குறைந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. முதல் கசிவு நின்றதுபோல இருந்து அன்றைக்கோ அடுத்த நாளோ திரும்ப வெடிப்பதுதான் ஆளைக் கொண்டுபோவது.

இரண்டு, பிரஷர் மெஷின். 180 காட்டியது. மகள் இன்னொரு பிரஷர் குளிசை கொடுக்க எடுத்தே விட்டாள். மூளையில் இரத்தம் கசிந்தாலும், வெறும் வலிக்கும் பயத்துக்கும்கூட, பிரஷர் ஏறும். எண் தலையிடியின் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம். கூடுதல் குளிசை வேண்டாம்.

மூன்று, கழுத்து. நாடியை நெஞ்சில் தொடச் சொன்னேன், சுகமாகத் தொட்டார். கழுத்து விறைக்கப் பல மணித்தியாலம் எடுக்கலாம், ஆகவே முதல் மணித்தியாலத்தில் மடங்குகிற கழுத்தை நம்பவேண்டாம்.

வலி ஏறிய வேகம் எப்படியிருந்தாலும் காத்திருக்கக்கூடாத சில உண்டு: மயங்கி விழுதல், வலிப்பு, கை கால் ஒரு பக்கம் சோர்தல், பேச்சுக் குழறல், ஒரு கண்ணிமை தொங்கிப் பார்வை இரண்டாகத் தெரிதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், தலை அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகிற வலி, கர்ப்பத்திலோ பிள்ளை பிறந்த கிழமைகளிலோ புதிதாக வருகிற கடும் தலையிடி.

படி 4: போகும் முன்

1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், இலவசம். ஓட்டோவில் ஏற்றினால் வழியில் சத்தி எடுத்து மயங்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனாக் எதுவும் கொடுக்கக்கூடாது, இரத்தம் உறைவதைக் கெடுக்கும். (டெங்கு பரவுகிற மாதங்களில் காய்ச்சலோடு வருகிற தலையிடிக்கும் இதே விதி, பனடோல் மட்டும்.) இனிச் சாப்பாடும் தேத்தண்ணியும் கொடுக்கவேண்டாம். போடுகிற குளிசைகளின் அட்டைகளை, முக்கியமாக இரத்தம் உறையாமல் எடுக்கிறதை, ஒரு பையில் போடுங்கள்.

பிறகு ஒரு துண்டில் நேரத்தை எழுதுங்கள். அன்ரியின் துண்டில் மகள் எழுதியது: “10.20 உடுப்புப் போடேக்க திடீரெண்டு. உடனே உச்சம். 10.40 பனடோல் 2. 11.00 ஒருக்கா சத்தி.”

படி 5: வாசலில் சொல்லும் வசனம்

“தலையிடி” என்று மட்டும் சொன்னால் சனத்தோடு வரிசையில் இருத்துவார்கள், அவர்களிலும் பிழையில்லை. “10.20க்குத் திடீரென்று வந்தது, ஒரு நிமிடத்தில் உச்சம், இப்படி முன்பு வந்ததே இல்லை” என்று சொல்லுங்கள். சிங்களத்தில் “எகபாரட்டம” என்ற சொல் உதவும், ஒரேயடியாக என்று அர்த்தம்.

நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்கிற சிடி ஸ்கேனில் கசிந்த இரத்தம் அநேகமாகத் தப்பாது. போகப்போக இரத்தம் கரைந்து ஸ்கேனில் மங்கும். பிந்தி வந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தால், தலையிடி தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் கழிந்தபின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து, அதில் பழைய இரத்தத்தின் மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அந்த ஊசி என்றதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது சோதனை முடியாமல் ஆளைக் கூட்டிப்போகாதீர்கள்.

அன்ரியை 12 மணிக்கு முன்னமே ஸ்கேனுக்கு எடுத்தார்கள். கசிவு இருந்தது. இரத்தக் குழாய்ப் படம் எடுத்து வீங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். மூன்று கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரிதான்.

எல்லாச் சோதனையும் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் துண்டை எறியாதீர்கள். மூளையின் இரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்குவதால் வருகிற திடீர்த் தலையிடி ஒன்று உண்டு, அது குளிக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ ஒன்றிரண்டு கிழமைக்குள் திரும்பத் திரும்ப இடிமாதிரி விழும். அப்படி வந்தால் புது நேரத்தைப் பழைய நேரத்துக்குக் கீழே எழுதிக்கொண்டு, அன்றைக்கே திரும்பப் போங்கள்.