ட்ரயல் மெசேஜில் "ரெடி ஆகாவிட்டால்" என்பதையும் எழுதுங்கள்

ஆரி பிளவுஸில் தாமதம் பெரும்பாலும் தையலில் வருவதில்லை. ஆரி வேலை செய்கிறவர் துணியைச் சட்டத்தில் கட்டி வேலை முடித்துக் கொடுத்த பிறகுதான் நாம் வெட்டவே முடியும். அதனால் ட்ரயல் தேதி சொல்லும்போதே நான் இப்படி அனுப்பிவிடுகிறேன்:

"வணக்கம் அக்கா. மெரூன் பிளவுஸ் ட்ரயல் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. முகூர்த்தத்தன்று போடும் உள்ளாடையையே போட்டு வாருங்கள். துணி இன்னும் ஆரி வேலையில் இருக்கிறது. வியாழன் இரவுக்குள் வராவிட்டால் ட்ரயல் திங்கள் மாலை 5 மணிக்கு மாறும். எதுவானாலும் வெள்ளி காலை 10 மணிக்குள் சொல்கிறேன், அதுவரை கிளம்ப வேண்டாம். ட்ரயல் அன்றைக்குப் பக்கங்களை லேசாகத்தான் தைத்திருப்போம், ஹூக் இருக்காது. டெலிவரி புதன்."

கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள். ட்ரயல் என்றாலே பிளவுஸை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. அப்புறம், "மெசேஜ் வராவிட்டால் வாருங்கள்" என்று எழுதவே எழுதாதீர்கள். ஒருமுறை அப்படி எழுதினேன். நெட் இல்லாமல் என் இரண்டாவது மெசேஜ் போய்ச் சேரவில்லை. ஒரு அம்மா கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். இப்போது வெள்ளி 10 மணிக்குப் பார்த்ததாகக் காட்டாவிட்டால் போன் செய்துவிடுகிறேன்.